உதிரியான வெஜிடபிள் புலாவ்: தண்ணீரை எப்படி அளப்பது?

புலாவ் குழைந்து போனால் பலரும் அரிசியைக் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் தவறு பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கில்தான் இருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் மசாலாவைவிடத் தண்ணீரைப் பற்றி அதிகம் பேசப் போகிறேன். முதலில் ஒரு கப் பாஸ்மதி அரிசியில், மூன்று லிட்டர் குக்கரில் செய்து பழகுங்கள். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும், மூன்று பேருக்கு அளவாக இருக்கும்.

அரிசியை முதலில் அளந்துவிடுங்கள்

200 கிராம் அளவுக்கு அரிசி பிடிக்கும் கப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரையும் அதே கப்பில்தான் அளக்க வேண்டும். அரிசியை ஊறப் போடுவதற்கு முன்பே, காய்ந்த நிலையில் தலைதட்டி அளந்துவிடுங்கள். ஊறிய அரிசி உப்பியிருக்கும். அதை அளந்து தண்ணீர் ஊற்றினால் அளவு கூடிப்போகும்.

அளந்த அரிசியை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அரிசியின் மேல் படிந்திருக்கும் மாவுதான் வெந்தபின் பருக்கைகளை ஒட்டவைக்கிறது, அது போக வேண்டும். கசக்கித் தேய்க்காதீர்கள், நீளமான பாஸ்மதி சுலபமாக ஒடிந்துவிடும். பிறகு 20 நிமிடம் ஊறட்டும். அரை மணி நேரத்தைத் தாண்ட விட வேண்டாம், அதிகம் ஊறிய அரிசி கிளறும்போது உடையும்.

ஊறியதும் கண் சல்லடையில் கொட்டிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் தங்கிவிடும். ஒரு கப் அரிசிக்கு அந்த இரண்டு மூன்று ஸ்பூனே பெரிய வித்தியாசம்.

தண்ணீர்க் கணக்கு

ஊறவைத்து நன்றாக வடித்த ஒரு கப் பாஸ்மதிக்குக் குக்கரில் ஒன்றரை கப் தண்ணீர். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் இரண்டு கப்புக்கு மூன்று, மூன்று கப்புக்கு நாலரை என்று பெருக்கிக்கொண்டே போவதில்தான் சிக்கல் வருகிறது. ஒருமுறை வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தபோது நானும் மூன்று கப் அரிசிக்கு நாலரை கப் ஊற்றினேன். மேலே பார்க்க நன்றாக இருந்தது, அடியில் கரண்டி விட்டால் களி மாதிரி வந்தது.

காரணம் இதுதான். ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கை அரிசி குடிக்கிறது, இன்னொரு பங்கு ஆவியாகப் போகிறது. அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகப் போவது குக்கரையும் அடுப்பு எரியும் நேரத்தையும் பொறுத்தது. ஒரு கப் வைத்தாலும் மூன்று கப் வைத்தாலும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே என் கணக்கு, ஒவ்வொரு கப் அரிசிக்கும் ஒன்றேகால் கப் தண்ணீர், அதோடு ஆவிக்காக மொத்தத்தில் ஒரே ஒரு கால் கப். இரண்டு கப் அரிசிக்கு இரண்டேமுக்கால், மூன்று கப்புக்கு நான்கு கப் தண்ணீர்.

குக்கர் காஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் இந்தக் கால் கப் போதாது. அதை மாற்றிவிட்டுச் செய்வது நல்லது. மூடி போட்ட சாதாரணப் பாத்திரத்தில் செய்தால் ஆவி அதிகம் போகும், ஒரு கப் அரிசிக்கு ஒன்றேமுக்கால் கப் வையுங்கள்.

காய்கள்

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்த்து ஒரு கப் போதும். கேரட்டையும் பீன்ஸையும் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள், உருளைக்கிழங்கு கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். இந்தக் காய்கள் தண்ணீர் அதிகம் விடாது, கணக்கை மாற்ற வேண்டாம். காளான் சேர்த்தால் கால் கப் தண்ணீரைக் குறையுங்கள். தக்காளியை நான் புலாவில் சேர்ப்பதில்லை. அதன் புளிப்பும் நீரும் முழு மசாலாவின் வாசனையை அமுக்கிவிடும்.

தாளிப்பு

ஒரு பிரிஞ்சி இலை, ஓர் அங்குலப் பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய், பாதி அன்னாசிப்பூ, அரை ஸ்பூன் சோம்பு. கல்பாசி இருந்தால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போனால் கசக்கும். ஏலக்காயை லேசாகத் தட்டி வாய் திறந்து போடுங்கள்.

குக்கரில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி நெய்யும் விட்டு, மிதமான தீயில் மசாலாவைப் போடுங்கள். முழு மசாலாவின் வாசனை தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். அதற்கு அரை நிமிடம் நிதானமாக நேரம் கொடுங்கள். கிராம்பு உப்பி, சோம்பு பொரிந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். பட்டை கறுத்துப் புகை வந்துவிட்டால் அந்தக் கசப்பைப் பிறகு எடுக்க முடியாது. எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள்.

அப்புறம் மெல்லியதாக நீளவாக்கில் நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், கீறிய இரண்டு பச்சை மிளகாய். வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமானதும் ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பச்சை வாசம் போக வதக்குங்கள். ஒரு கைப்பிடி புதினா, பிறகு காய்கள். இரண்டு நிமிடம் வதக்கினால் போதும், மீதி ஆவியில் வெந்துவிடும்.

அரிசி சேர்க்கும்போது

வடித்த அரிசியைப் போட்டு ஒரே நிமிடம், அடியிலிருந்து மெல்லத் திருப்பிவிடுங்கள். நெய் எல்லாப் பருக்கையிலும் படிந்தால் போதும். ஒன்றரை கப் தண்ணீரைச் சூடாகவே ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொதி வருவதற்குள் அரிசியின் மேல்பாகம் ஊறி மெத்தென்று ஆகிவிடும், உள்ளே வேக நேரம் எடுக்கும். ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். வாயில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். அப்போது சரியாகத் தோன்றினால் சாதத்தில் உப்புக் குறையும்.

கொதி வந்ததும் மூடி, ஆவி வந்தபின் வெயிட் போட்டு, மிதமான தீயில் ஒரு விசில். பிறகு தீயை மிகவும் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில்தான் மேலும் கீழும் இருக்கும் ஈரம் சமமாகிப் பருக்கை கெட்டிப்படும்.

திறந்ததும் கிளற வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, முள்கரண்டியை ஓரத்தில் விட்டு அடியிலிருந்து தூக்கிப் புரட்டுங்கள்.

தவறிப்போனால்

ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்து நறுக்கென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை. மூன்று ஸ்பூன் கொதிநீரைப் பரவலாகத் தெளித்து, வெயிட் போடாமல் மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். பருக்கை முழுதாக இருந்தும் ஈரமாக ஒட்டினால், அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பருக்கை வெடித்து விரிந்திருந்தால் அன்றைக்கு அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை அதே அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் குறையுங்கள்.

புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும், பழைய அரிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் பிடிக்கும். அதனால் புதுப் பை பிரித்ததும் முதலில் ஒரு கப் மட்டும் செய்து பார்த்து, சரியாக வந்த அளவைப் பையின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.