கடைசி வரி அறுந்த சிஎஸ்வி: கூட்டுத்தொகை பொய்யாகும் விதம்

பில் பட்டியலை காப்பி செய்து ஒரு பெட்டியில் ஒட்டுகிறார்கள். பெட்டிக்கு எழுத்து வரம்பு இருந்தால், மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுவதும் உண்டு. வரி முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் எண்ணும்.

```
1047,2024-03-30,அரிசி,2150
1048,2024-03-30,எண்ணெய்,184
```

1048இன் உண்மையான தொகை 1840. கடைசி சுழியம் அறுந்துபோனது. நான்கு நெடுவரிசையும் இருக்கிறது, 184ம் ஒழுங்கான எண்தான். அதனால் நெடுவரிசைகளை எண்ணும் சோதனையில் இது சிக்காது, SUM மறுபேச்சின்றிக் கூட்டிவிடும். வெட்டு தேதியின் நடுவில் விழுந்திருந்தால் தேவலை, தொகை காலியாக நின்று கண்ணில் பட்டிருக்கும். இதைக் கையாளும்போது வழக்கமாக நடக்கும் தவறுகள் கீழே, ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

அரைகுறை வரியை அழித்துவிட்டுக் கூட்டுவது

எரிச்சலூட்டுவது இதுதான். அறுந்த வரியைக் கண்டுபிடித்த கெட்டிக்காரர்தான் இதைச் செய்வார். 1048ஐ நீக்கியதும் பட்டியல் பளிச்சென்று ஆகிவிடும், தவறு நடந்த தடயமும் அதோடு போய்விடும்.

அந்த மாதப் பில்கள் 1001 முதல் 1062 வரை, மொத்தம் 62 என்று வையுங்கள். ஒட்டியதில் வந்தது 48. அறுந்தது ஒன்று, வராமலே போனவை 14. அழித்தபின் கையில் 47 பில்தான், ஆனால் தலைப்பில் 'மார்ச் விற்பனை' என்றே இருக்கும். சராசரி போட்டாலும் தப்பமுடியாது: பட்டியல் தேதி வரிசையில் இருப்பதால் விடுபட்டது முழுக்க மாதக் கடைசி. அந்த நாட்களில் வியாபாரம் வேறு மாதிரி இருந்தால் சராசரியும் சாயும்.

ஒட்டுவதற்கு முன்பே மூலத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வரி எண்ணிக்கை, கடைசி பில் எண், தொகைகளின் கூட்டல். ஒட்டியபின் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் வரியைத் திருத்தாமல் கோப்பாகவே வாங்குங்கள். மூலம் கிடைக்கவே கிடைக்காது என்றால், '1001 முதல் 1047 வரை' என்று எழுதிக் கூட்டுங்கள். மாதத்தின் பெயரை அதற்கு வைக்காதீர்கள்.

கடைசி எழுத்தை மட்டும் நம்புவது

```
tail -c 1 bills.csv | xxd
```

`0a` வந்தால் கோப்பு வரிமுறிவோடு முடிகிறது. சந்தேகம் கொள்ள இது உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. சில மென்பொருள்கள் முழுக் கோப்பையே வரிமுறிவு இல்லாமல் முடிக்கும். vim போன்ற எடிட்டர்கள் சேமிக்கும்போது அறுந்த வரிக்கும் ஒன்றைச் சேர்த்துவிடும்.

மிச்சத்தை அப்படியே கீழே ஒட்டுவது

அறுந்த வரியின் முடிவில் வரிமுறிவு இல்லாததால், 184க்குப் பின்னால் 1049ஆம் வரி ஒட்டிக்கொண்டு 1841049 ஆகும்.

தமிழ்ப் பெயர்களை எழுத்துக் கணக்கில் அளப்பது

சில வரம்புகள் பைட்டில் இருக்கும். MySQL-இன் TEXT வகைக்கு 65,535 பைட். யூடிஎஃப்-8இல் 'அரிசி' மட்டும் 15 பைட்.

எக்செலில் திறந்தது, அதனால் சரி

அறுந்த கோப்பும் திறக்கும்.