குறை பேனலிலா, வெயிலிலா?

சோலார் பேனலில் மின் உற்பத்தி குறைவதாகச் சந்தேகம் வந்தால், வெயிலின் அளவைக் காட்டும் சிறு கருவியான ரெஃபரன்ஸ் செல்லைத் துடைத்து, பேனல் சட்டத்தின் மீதே அதே சாய்வில் வைத்து அளவெடுங்கள். அதே நிமிடத்தில் இன்வெர்ட்டர் காட்டும் வாட்டையும் பேனலின் பின்புற வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5 கிலோவாட் அமைப்பு, செல்லில் சதுர மீட்டருக்கு 720 வாட், பேனல் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவாட் என்பது 1000 வாட் வெயிலுக்கான அளவு என்பதால், 720 வாட்டுக்கு 5 × 0.72 = 3.6 கிலோவாட். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் (சரியான எண் பேனலின் டேட்டா ஷீட்டில் இருக்கும்) கழித்தால் 3.2. வயர், இன்வெர்ட்டர் இழப்பும் போனால் 3 கிலோவாட்டை ஒட்டி வர வேண்டும். 2.5தான் வருகிறது என்றால் குறை பேனல் பக்கம்தான். முதலில் தூசியைக் கழுவிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

ரெஃபரன்ஸ் செல்லும் பேனலைப் போலவே சிலிக்கான் என்பதால், இரண்டும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் தரும். செல்லைத் தரையில் படுக்கவைத்தால் சாய்வு மாறி, கணக்கே தவறிவிடும்.

மேகம் ஓடும்போதும், வெயில் 600 வாட்டுக்குக் கீழே இருக்கும்போதும், பேனலில் நிழல் விழும்போதும் இந்த ஒப்பீடு நம்பத்தக்கதல்ல. இன்வெர்ட்டர் தன் உச்ச வரம்பை எட்டி நின்றாலும் அப்படியே.