100 டாலருக்கு கார்டில் 8,851 ரூபாய் போனது எப்படி? ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பிரிப்போம்

விளக்குத்தூண் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன், கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போடும் மென்பொருள் ஒன்றை வெளிநாட்டுத் தளத்தில் 100 டாலருக்கு வாங்கினான். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் அதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு போன் செய்தான். "அண்ணே, கூகுள்ல பாத்தா எட்டாயிரத்து ஐந்நூறு கூட வரல. இவங்க எட்டாயிரத்து எண்ணூத்தம்பதுக்கு மேல புடிச்சிருக்காங்க. இந்த முந்நூத்தம்பது எங்க போச்சு?"

அன்று இரவு அவனுடன் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பைசாக்கள் குழப்பாமல் இருக்க டாலருக்கு 85 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் இயக்கி வைப்பது எப்படி என்பதற்குள் போகவில்லை.

முதலில், பணம் யார் யாருக்குப் போகிறது

மூன்று அடுக்கு இருக்கிறது. டாலரை ரூபாயாக மாற்றுவது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க். அவர்களுடைய அன்றைய மாற்று விகிதம் கூகுளில் தெரியும் விகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதுவே இல்லை. அந்த ரூபாய்த் தொகையின் மேல் உங்கள் வங்கி ஒரு சதவீதம் வைக்கிறது. இதைத்தான் மார்க்அப் என்கிறார்கள். நம் ஊர் சாதாரண கார்டுகள் பலவற்றில் இது 3.5 சதவீதம், கொஞ்சம் உயர்ந்த கார்டுகளில் 2 சதவீதம் அளவில் இருக்கும். மூன்றாவதாக, அந்த மார்க்அப்புக்கு மட்டும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் வாங்கிய மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி போட்டுவிட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். வங்கி போடுவது மார்க்அப்புக்கு மட்டும்தான்.

ஜிஎஸ்டி வரியைப் பிடியுங்கள்

சிக்கல் இங்கேதான் வருகிறது. மார்க்அப் என்று தனி வரி பல ஸ்டேட்மென்ட்டுகளில் இருக்காது. அதை ரூபாய்த் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் இருந்தது இவ்வளவுதான்:

```
USD 100.00     8,797.50
GST               53.55
```

8,797.50-ஐ 100-ஆல் வகுத்து, "டாலருக்கு 87.97 ரூபாய் போட்டுவிட்டார்கள், இப்படி ஒரு விலை எங்கேயும் இல்லையே" என்று தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். அந்த 87.97 மாற்று விகிதம் இல்லை. விகிதமும் மார்க்அப்பும் கலந்த எண் அது. அதைப் பிரிக்க ஜிஎஸ்டி வரி போதும். 53.55 என்பது மார்க்அப்பில் 18 சதவீதம் என்றால், மார்க்அப் எவ்வளவு என்று பின்னோக்கிப் போய்விடலாம்:

```
53.55 / 0.18      = 297.50   
8797.50 - 297.50  = 8500.00  
8500 / 100        = 85.00    
297.50 / 8500     = 0.035    
```

முதல் வரியில் மார்க்அப் கிடைக்கிறது. இரண்டாவதில் நெட்வொர்க் மாற்றிய தொகை, மூன்றாவதில் உண்மையான விகிதம், நான்காவதில் வங்கியின் சதவீதம். ஆக, 8,500 கூட்டல் 297.50 கூட்டல் 53.55, மொத்தம் 8,851.05. தம்பி கேட்ட முந்நூற்றைம்பது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், இஎம்ஐ வட்டி எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஸ்டேட்மென்ட்டில் நாலைந்து ஜிஎஸ்டி வரிகள் இருந்தால், எது எதற்கு என்று தேதியை வைத்துச் சேர்க்க வேண்டும். சில வங்கிகள் CGST, SGST என்று பாதிப் பாதியாக இரண்டு வரியாகப் போடும். அப்போது இரண்டையும் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். பின்னோக்கிப் போட்ட கணக்கில் 3.5 அல்லது 2 போல ஒரு சுத்தமான சதவீதம் வந்தால் சரியான வரியைப் பிடித்துவிட்டீர்கள். 6.1, 0.8 என்று வந்தால் வேறு கட்டணத்தின் ஜிஎஸ்டியை எடுத்திருக்கிறீர்கள்.

85 என்பது சரியான விகிதமா? தேதியில்தான் சூட்சுமம்

விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் இணையதளத்தில் மாற்று விகிதக் கணக்கி வைத்திருக்கின்றன. கார்டின் நாணயம், வாங்கிய நாணயம், தேதி, வங்கிக் கட்டணம் என்று கேட்கும். வங்கிக் கட்டணத்தில் முதலில் 0 போடுங்கள். இரண்டு நாணயங்களையும் இடம் மாற்றிவிடாதீர்கள். வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறு வேறு என்பதால், மாற்றிப் போட்டால் விகிதம் கொஞ்சம் தள்ளி வரும்.

தம்பி வாங்கிய தேதியைப் போட்டபோது 84.60 காட்டியது. 85 வரவில்லை. காரணம், நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தில் வங்கி அந்தத் தொகையை நிறுத்தி மட்டும் வைக்கிறது. கடைக்காரர் பணத்தைக் கோரி, அது நெட்வொர்க் வழியாகக் கணக்கு முடிக்கும் நாளின் விகிதம்தான் பல சமயம் கடைசியில் நிற்கும். வெள்ளி இரவு வாங்கியது திங்களோ செவ்வாயோ கணக்கில் ஏறலாம். உடனே வரும் எஸ்எம்எஸ்ஸில் உள்ள ரூபாய்த் தொகை ஒரு உத்தேசம். அதற்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் நாற்பது ஐம்பது ரூபாய் வித்தியாசம் வந்தால் அது யாருடைய கட்டணமும் இல்லை, இடையில் ரூபாய் இறங்கியிருக்கிறது. ரூபாய் ஏறினால் உங்களுக்கு லாபமாகவும் வரும்.

அதனால் கணக்கியில் ஒரே தேதியைப் போட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். வாங்கிய நாளில் தொடங்கி, ஸ்டேட்மென்ட்டில் பதிவான நாள் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பின்னோக்கிக் கண்டுபிடித்த விகிதம் ஏதாவது ஒரு நாளுடன் பைசா வரை பொருந்தும். தம்பிக்குத் திங்கட்கிழமை பொருந்தியது.

எந்த நாளும் பொருந்தாமல், சதவீதமும் வங்கி அறிவித்ததைவிடக் கூடுதலாக வந்தால் மட்டும் வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் போகலாம். வங்கி அறிவித்த சதவீதம் எங்கே இருக்கும் என்றால், கார்டுடன் வரும் MITC என்ற முக்கிய விதிமுறைகள் ஆவணத்தில். பிடிஎஃபைத் திறந்து `markup` என்று தேடுங்கள், கிடைக்காவிட்டால் `mark-up` என்று தேடுங்கள். விளம்பரப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாங்கும் முன்பே கணக்குப் போட

நான் இதற்கென்று எந்த ஆப்பும் வைத்துக்கொள்வதில்லை. ஷீட்டில் ஒரே ஒரு வரி போதும். A2-வில் டாலர், B2-வில் நெட்வொர்க் விகிதம், C2-வில் மார்க்அப் சதவீதம், 3.5% என்று % குறியுடன்:

```
=A2*B2*(1+C2*1.18)
```

3.5 சதவீத கார்டு என்றால் ஜிஎஸ்டியுடன் 4.13 சதவீதம். 2 சதவீதம் என்றால் 2.36. கூகுள் ஷீட்ஸில் `GOOGLEFINANCE` வைத்து B2-வைத் தானாக நிரப்பலாமே என்று தோன்றும். முன்கூட்டி உத்தேசம் பார்க்க அது சரி. ஆனால் அது சந்தையின் விகிதம் என்பதால், ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்க்க அதைத் தொடவே கூடாது.

ரூபாயில் காட்டும் பொத்தான்

சில தளங்களும், வெளிநாட்டுக் கடைகளில் உள்ள கார்டு இயந்திரங்களும் USD-இல் கட்டுகிறீர்களா, INR-இல் கட்டுகிறீர்களா என்று கேட்கும். டிசிசி என்று சொல்வது இதைத்தான். ரூபாயில் கட்டினால் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறதே என்று நம் ஆட்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள். அங்கே மாற்றுவது உங்கள் நெட்வொர்க் இல்லை, கடைக்காரர் பக்கத்து நிறுவனம். அவர்கள் லாபம் விகிதத்துக்குள்ளேயே இருக்கும்.

அதே 100 டாலருக்கு அந்தத் திரை 8,925 என்று காட்டுகிறது என்று வையுங்கள், அதாவது 5 சதவீதம் கூட. இதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்திய வங்கிகள் பலவும் வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு என்று தனியாக 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. 89.25, அப்புறம் 16.07. மொத்தம் 9,030 ரூபாய் சொச்சம். டாலரிலேயே கட்டியிருந்தால் 8,851. கேட்டால் எப்போதும் கடையின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மார்க்அப் இல்லாத கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ரூபாயை அழுத்தினால் அந்தக் கார்டு வாங்கியதற்கே பலன் இல்லாமல் போகும்.

மார்க்அப் இல்லாத கார்டு வாங்கலாமா என்று தம்பியும் கேட்டான். ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியுடன் 590 ரூபாய் என்றால், 590-ஐ 0.0413-ஆல் வகுங்கள். வருடத்துக்கு சுமார் 14,300 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால்தான் அது கட்டுப்படியாகும். அவன் வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறவன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சேர்த்தது: உசிலம்பட்டியில் இருந்து ஒரு வாசகர், தான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, தளத்தில் விலையே ரூபாயில்தான் இருந்தது, ஆனாலும் 1 சதவீதம் பிடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். விலை ரூபாயில் இருந்தாலும், பணத்தை வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது என்றால் வங்கி அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். மாதச் சந்தா வாங்கும் தளங்களில் இது அதிகம். ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியில் கடைப் பெயருக்குப் பின்னால் வெளிநாட்டு ஊர்ப் பெயர் அல்லது நாட்டுக் குறியீடு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நாணயத்தை மாற்றும் வசதி தளத்தில் இருந்தால், டாலர் விலையை மேலே உள்ள ஷீட்டில் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். இங்கே ரூபாய் விலை சில சமயம் இந்தியாவுக்கென்று குறைத்து வைத்த விலையாக இருக்கும். அப்படியானால் 1 சதவீதம் போனாலும் ரூபாய்தான் மலிவு.

இன்னொன்று: திருமங்கலத்தில் இருந்து வந்த கேள்வி, பொருளைத் திருப்பி அனுப்பியும் முழுப் பணம் வரவில்லை என்பது. கடைக்காரர் 100 டாலரை முழுதாகத்தான் திருப்பியிருப்பார். ஆனால் அது ரூபாயாவது திருப்பிய நாளின் விகிதத்தில். அன்று டாலர் 84 என்றால் 8,400 தான் வரும். மார்க்அப்பையும் அதன் ஜிஎஸ்டியையும் பல வங்கிகள் திருப்புவதில்லை, உங்கள் வங்கி என்ன செய்கிறது என்பது அதே MITC-யில் இருக்கும். நம் கணக்கில் 8,851 போய் 8,400 வந்தால், வாங்காத பொருளுக்கு 451 ரூபாய் செலவு. அளவு சரியாக இருக்குமா என்று சந்தேகம் உள்ள துணி, செருப்பு போன்றவற்றை வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடும் முன் இந்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.