கிறிஸ்துமஸ் மொத்த ஆர்டர்: எத்தனை கேக் ஒத்துக்கொள்ளலாம் என்று ஓவன் நிமிடத்தில் கணக்குப் போடுவது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலேயே பேக்கரி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளம் கேக் செய்முறை உங்களுக்குத் தெரியும், பழங்களும் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கும். அதனால் நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

உதாரணத்துக்கு ஓர் ஆர்டர்: டிசம்பர் 23 அன்று அரைக்கிலோ பிளம் கேக் 80, பட்டர் பிஸ்கட் 12 கிலோ, ஒரு கிலோ கிரீம் கேக் 10. கையில் இருப்பது 60 லிட்டர் ஓடிஜி, எட்டு லோஃப் டின், வீட்டு ஃபிரிட்ஜ், வேலைக்கு ஒரே ஆள்.

1. ஒரு சுற்றின் உண்மையான நேரம்

செய்முறையில் 60 நிமிடம் என்று போட்டிருந்தால், அது கேக் உள்ளே இருக்கும் நேரம் மட்டும்தான். கதவைத் திறந்து எடுத்து, அடுத்த நான்கு டின்னை வைத்து, சூடு மறுபடி 160 டிகிரிக்கு வர இன்னும் 15 நிமிடம் ஆகும். ஆக ஒரு சுற்று 75 நிமிடம்.

பலரும் கோட்டைவிடுவது வோல்டேஜில். மாலையானால் ஊரே கீசரையும் ஹீட்டரையும் போடும். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 190-க்கு இறங்கினால், ஓவனின் சூட்டுத்திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓவன் குமிழ் 160 என்று காட்டிக்கொண்டே இருக்கும், கேக்கின் நடுப்பகுதி மட்டும் ஈரமாக நிற்கும். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்டாண்ட் மிக்ஸரைவிட அதுதான் முதலில் வேண்டும். மாலை ஆறுக்குப் பிறகு வரும் நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

2. ஒரு நாளில் எவ்வளவு

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை 480 நிமிடம். டிசம்பர் குளிரில் வெண்ணெய் இளகி முதல் மாவு தயாராகவே ஒரு மணி நேரம் போகும். சாப்பாட்டுக்கும் பாத்திரத்துக்கும் இன்னொரு மணி நேரம். மிச்சம் 360.

- பிளம் கேக்: நாளுக்கு 4 சுற்று, 16 கேக். 80-க்கு ஐந்து நாள்.
- பிஸ்கட்: தட்டுக்கு 350 கிராம், சுற்றுக்கு 25 நிமிடம். மொத்தம் 35 தட்டு, நாளுக்கு 14 தட்டு. மூன்று நாள்.
- ஸ்பாஞ்ச்: ஒரு தடவைக்கு இரண்டு, சுற்றுக்கு ஒரு மணி நேரம். பத்துக்கு ஒரு நாள்.

360-ஐ 75-ஆல் வகுத்தால் 4.8 வரும். அதை ஐந்தாக்கிக்கொள்ளும் ஆசை வரத்தான் செய்யும். வேண்டாம், நாலு நாலுதான்.

3. ஓவனுக்கு வெளியே இருக்கும் முட்டுக்கட்டை

கிரீம் கேக் பத்தையும் ஓவன் தாங்கும், ஃபிரிட்ஜ் தாங்காது. டப்பாவோடு நான்கு வைத்தாலே தட்டுகள் நிரம்பிவிடும். வெளியே குளிர்கிறதே என்று கிரீமை மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. எனவே ஒத்துக்கொள்ள வேண்டியது நான்குதான். மீதி ஆறுக்குப் பதில் பிளம் கேக்கோ பிஸ்கட்டோ எடுத்துக்கொள்கிறார்களா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். எடுத்துக்கொண்டால் அதற்கான சுற்றையும் கணக்கில் சேருங்கள்.

பிளம் கேக்கிலோ ஆறவைக்கும் இடம்தான் சிக்கல். மலைக்குளிரில் மேல்தோல் சீக்கிரம் ஜில்லென்று ஆகிவிடும், நடுவில் சூடு இருக்கும். அதை நம்பிச் சுற்றினால் பட்டர் பேப்பரின் உட்புறம் வேர்த்து, சில நாளில் பூஞ்சை பிடிக்கும். அடிப்பாகத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கதகதப்பு தெரிந்தாலும் சுற்றாதீர்கள். மெல்லிய துணி போர்த்தி இரவு முழுக்க விட்டு, காலையில் பேக் செய்வது நல்லது. அதற்கு 16 கேக் ஒன்றையொன்று தொடாமல் உட்காரும் கம்பி ஸ்டாண்ட் வேண்டும். எட்டுக்குத்தான் இடம் என்றால் உங்கள் கொள்ளளவு நாளுக்கு எட்டுதான், ஓவன் என்ன சொன்னாலும்.

4. தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

அதிக நாள் தாங்குவது முதலில், தாங்காதது கடைசியில்.

- டிசம்பர் 10–14: பிளம் கேக்
- 15, 16: காலி
- 17–19: பிஸ்கட்
- 20: காலி
- 21: ஸ்பாஞ்ச் நான்கு
- 22: கிரீம் வேலை, பெட்டி கட்டுவது
- 23: டெலிவரி

காலி நாள் ஓய்வுக்கு அல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை ஒரு நாள் வரும். அறிவிப்பு வந்ததும் அந்தத் தேதியோடு காலி நாளை மாற்றிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் சரக்கும் ஏறாது. வெண்ணெய், மைதா, பெட்டி எல்லாம் 8-ஆம் தேதிக்குள் வீட்டில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் ஆப் தேவையில்லை என்பது என் கட்சி. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு சுற்று என்று எழுதுங்கள். கட்டம் தீர்ந்தால் ஆர்டரும் தீர்ந்தது.

பின்சேர்க்கை: இரண்டு அடுக்காக பிஸ்கட் தட்டு வைத்தால் நேரம் பாதியாகுமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஃபேன் இல்லாத ஓடிஜியில் கீழ்த்தட்டு அடி கருகும், மேல்தட்டின் அடி வெளுத்து நிற்கும். நடுவில் தட்டை மாற்றி மாற்றி வைத்தால், கதவு திறக்கும்போது போகும் சூட்டிலேயே மிச்சப்பட்ட நேரம் கரைந்துவிடும். ஃபேன் உள்ள ஓவன் என்றால் இரண்டு தட்டு வைக்கலாம். ஆனால் ஒரு நாள் வைத்துப் பார்த்து, சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று குறித்த பிறகே அந்தக் கணக்கில் ஆர்டர் வாங்குங்கள். மூடுபனி நாளில் பிஸ்கட் ஆறியதும் உடனே டப்பாவில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் மொறுமொறுப்பு போய்விடும்.