லைஃப் கோச்சிடம் பாதியில் விலகும்போது பணத்தை இழக்கவைக்கும் தவறுகள்

சென்ற ஆண்டு என் தங்கை ஒரு லைஃப் கோச்சிடம் 12 அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினாள். கட்டணம் 36,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,480, ஆக 42,480 ரூபாய். எல்லாம் ஆன்லைன் வழி. ஐந்து அமர்வுகளுக்குப் பிறகு அவளுக்குத் தொடர மனமில்லை. ஆனால் அதைச் சொல்லச் சங்கடப்பட்டு, “வீட்டில் வேலை அதிகம் மேடம், சில நாள் கழித்துத் தொடர்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். பதிலாக இரண்டு கைகூப்பும் படங்கள் வந்தன. நான்கு மாதம் கழித்து மீதிப் பணத்தைக் கேட்டபோது, “தொகுப்பின் காலம் ஆறு மாதம், அது முடிந்துவிட்டது” என்று பதில் வந்தது.

அவள் செய்த தவறுதான் பெரும்பாலோர் செய்வது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது நமக்குக் கூச்சம். அதுவும் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிப் பேசிய ஒருவரிடம் சொல்வது இன்னும் கடினம். அதனால் மெல்ல நழுவிவிடப் பார்க்கிறோம். நழுவினால் ஒப்பந்தம் முடிவதில்லை. நீங்கள் வராத அமர்வுகள் “வராமல் போனவை” என்று கணக்கில் ஏறும், தொகுப்பின் காலமும் ஓடிக்கொண்டே இருக்கும். “நிறுத்துகிறேன்” என்ற சொல் எந்தத் தேதியில் எழுத்தில் போகிறதோ, அன்றைய நிலவரப்படிதான் மீதி அமர்வுகளை உறுதியாகக் கோர முடியும். நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்ற தயக்கமும் வேண்டாம். கோச்சுகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐசிஎஃப்-இன் நெறிமுறையே, ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்டு எந்தக் காரணத்துக்காகவும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஏற்கிறது.

அடுத்த தவறு, விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு ஆதாரம் தேடுவது. விலகும் செய்தி போன அன்றே பல இடங்களில் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள், அமர்வுப் பதிவுகளைத் திறக்கும் அனுமதியும் போய்விடும். ஆகவே முதலில் ரசீது, ஒப்பந்தம், பணம் கட்டிய நாளில் அவர்கள் காட்டிய விளம்பரப் பக்கத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், காலண்டர் அழைப்புகள் ஆகியவற்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அமர்வின் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். என் தங்கையிடம் ஆறு அமர்வுகள் முடிந்ததாகக் கோச் சொன்னார். தேடிப் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் நடந்த இலவச அறிமுக உரையாடலையும் சேர்த்து எண்ணியிருந்தார். கோச்சே கடைசி நேரத்தில் நான்கு முறை அமர்வை ரத்து செய்த செய்திகளும் அதே தேடலில் கிடைத்தன. ஆறு மாதக் காலம் முடிந்தது என்ற வாதத்துக்கு எங்களிடம் இருந்த பதில் அவைதான்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்டுவதும், “எல்லாம் என் தவறுதான்” என்று எழுதுவதும் இரண்டுமே கெடுதல். முதலாவது அவதூறு என்ற எதிர்வாதத்துக்கு இடம் தரும், இரண்டாவது சேவையில் குறையே இல்லை என்பதற்கு நீங்களே தரும் சான்றாகும். வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலில் எழுதுங்கள். நாங்கள் அனுப்பியது இவ்வளவுதான்: “இன்றோடு அமர்வுகளை நிறுத்திக்கொள்கிறேன். 12-இல் 5 முடிந்தன, தேதிகள் கீழே உள்ளன. நான்கு முறை தங்கள் தரப்பில் ரத்தானது. மீதி 7 அமர்வுகளுக்கு ஜிஎஸ்டி உட்பட 24,780 ரூபாயை 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்.”

அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 42,480-ஐ 12-ஆல் வகுத்தால் ஓர் அமர்வுக்கு 3,540. ஏழு அமர்வுக்கு 24,780. கோச் வேறு கணக்குச் சொன்னார்: தனி அமர்வின் கட்டணம் 4,000, வரியோடு 4,720, நடந்த ஐந்துக்கும் அந்த விலையில் 23,600 கழித்து 18,880 தருவதாக. வித்தியாசம் 5,900 ரூபாய். இந்தக் கழிவு நீங்கள் பணம் கட்டும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மறுப்பது கடினம். பிற்பாடு சொல்லப்பட்டதென்றால் ஏற்கத் தேவையில்லை. “பணத்துக்குப் பதில் அமர்வுகளை வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளுங்கள்” என்பதற்கும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். சம்மதித்த மறுகணமே பணக் கோரிக்கை வலுவிழந்துவிடும்.

தவணையில் கட்டியவர்கள் செய்யும் தவறு இன்னும் ஆபத்தானது. கோச்சோடு சண்டை என்று தவணையை நிறுத்திவிடுகிறார்கள். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த கடன். கோச் தன் பணத்தை முன்பே வாங்கியிருப்பார். நீங்கள் நிறுத்தினால் அடிபடுவது உங்கள் கடன் மதிப்பெண்தான். தவணையைக் கட்டிக்கொண்டே கோச்சிடம் கோருங்கள், கடன் கொடுத்தவருக்கும் அந்த மின்னஞ்சலின் நகலை அனுப்புங்கள். மாதச் சந்தாவாகத் தானாகக் கழியும் பணம் வேறு வகை. விலகல் மின்னஞ்சலை அனுப்பியதும் யுபிஐ செயலியிலோ வங்கியிலோ அந்த அனுமதியை ரத்து செய்துவிடலாம்.

“கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது” என்ற வரியைப் பார்த்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது இறுதித் தீர்ப்பு அல்ல. குறைபாடுள்ள சேவைக்கு, ரசீதில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இங்கே கவனிக்க வேண்டிய சொல் குறைபாடு. ரத்தான அமர்வுகள், விளம்பரத்தில் சொல்லிவிட்டுத் தராமல் விட்டவை போன்றவை அதில் வரும். வெறுமனே மனம் மாறியவருக்கு இந்த வழி பலவீனமானது. அவர்கள் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைச் சுட்டலாம். ஒப்பந்தத்தை முறித்தவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்கிறது அது.

தவறான விதியைக் காட்டுவதும் வழக்கைக் கெடுக்கும். பாதியில் விலகும் மாணவருக்கு 10 நாளில் மீதிக் கட்டணம் தர வேண்டும் என்ற 2024-ஆம் ஆண்டு மத்தியக் கல்வி அமைச்சக வழிகாட்டுதலைச் சிலர் எழுதுகிறார்கள். அது பயிற்சி மையங்களுக்கானது. ஆலோசனை வழங்குவதை அதன் வரையறையே விலக்கி வைக்கிறது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சமரசம் பேசுவார்கள், உத்தரவிட முடியாது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோச் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். மனுவில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். “நியாயமற்ற ஒப்பந்தம்” என்ற தனிப் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்காது. அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு 21,000 ரூபாய் வந்தது. ஏழு அமர்வுக்கு 3,000 வீதம், ஜிஎஸ்டி இல்லாமல். ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, ரசீதுத் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டை விற்பனையாளர் கொடுத்தால் அந்த வரியைத் தன் கணக்கில் குறைத்துக்கொள்ள வழி உண்டு என்று இன்னொரு மின்னஞ்சல் எழுதினோம். மீதி 3,780 ரூபாய் அடுத்த வாரம் வந்து சேர்ந்தது.