ஆன்லைனில் வருமான வரியைத் தப்பான ஆண்டில் கட்டிவிட்டால்: சலான் திருத்தம் செய்வது எப்படி

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஒவ்வொரு வருஷமும் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். சின்ன வியாபாரிகளுக்கான ஐ.டி.ஆர்-4 தான். போன வருஷம் அவரே உற்சாகமாகி, 2025 செப்டம்பர் 10, புதன்கிழமை சாயந்திரம், மொபைலிலேயே 37,830 ரூபாய் வரியைக் கட்டிவிட்டார். வட்டியும் அதில் அடக்கம். வெள்ளிக்கிழமை ரசீதோடு வந்து, "தம்பி, காசு கட்டியாச்சு, ரிட்டர்னை மட்டும் அனுப்பிவிடுங்க" என்றார்.

நான் ரிட்டர்னைத் திறந்தேன். கட்டிய வரி தானாக வந்து உட்காரும் இடம் காலியாக இருந்தது. கட்டி இரண்டே நாள் ஆனதால் இன்னும் ஏறவில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் ரசீதைப் பார்த்தால் "Assessment Year" என்ற வரியில் 2024-25 என்று இருந்தது.

தப்பு எங்கே என்று புரிகிறதா? 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த வருமானத்துக்கு நிதியாண்டு 2024-25. அதற்கான அசெஸ்மென்ட் இயர் அடுத்தது, அதாவது 2025-26. அண்ணாச்சி வருமானம் வந்த வருஷத்தைத் தேர்வு செய்துவிட்டார். பட்டியலில் 2024-25 என்று இருந்தால் யாருக்கும் கை அங்கேதான் போகும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இதில் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. ரிட்டர்னில் சலான் விவரத்தைக் கையால் நிரப்பும்போது நான்கு விஷயங்களைத்தான் கேட்கும்: வங்கிக் கிளையின் பி.எஸ்.ஆர். கோடு, கட்டிய தேதி, சலான் எண், தொகை. எந்த ஆண்டுக்குக் கட்டினீர்கள் என்று அங்கே கேள்வியே கிடையாது. அதனால் தப்பான சலானையும் நிரப்பி, பாக்கி பூஜ்யம் என்று காட்டி, நிம்மதியாக அனுப்பிவிடலாம். பெங்களூரில் உள்ள வருமான வரித்துறை மையத்தில் ரிட்டர்னைப் பரிசீலிக்கும்போதுதான், இந்த ஆண்டுக் கணக்கில் அப்படி ஒரு பணம் இல்லை என்று தெரியவரும். வரியை மறுபடி வட்டியோடு கேட்டு 143(1) அறிவிப்பு வரும். அதற்குள் சுலபமான வழி மூடியிருக்கும்.

அந்தச் சுலபமான வழி, இ-ஃபைலிங் தளத்தில் நாமே செய்யும் சலான் திருத்தம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. ஆண்டை மாற்ற, பணம் கட்டிய தேதியிலிருந்து 7 நாள்தான். வரி வகையையோ கட்டணத்தின் வகையையோ மாற்ற 30 நாள். அண்ணாச்சிக்கு இரண்டு நாள் போய்விட்டது. இன்னும் ஐந்து நாள் கையில் இருந்தது.

சரி, நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரசீதை எடுங்கள். தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து, "e-File" மெனுவில் "e-Pay Tax" போனால், "Payment History" என்ற பகுதியில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அதில் சி.ஐ.என். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே வரும் சி.ஆர்.என். எண் வேறு, பணம் போய்ச் சேர்ந்த பிறகு வரும் சி.ஐ.என். வேறு. இங்கே வேண்டியது இரண்டாவது.

அடுத்து மேலே "Services" மெனுவில் "Challan Correction". உள்ளே புதிய கோரிக்கை உருவாக்கும் பொத்தானை அழுத்தினால், எதை மாற்ற வேண்டும் என்று மூன்று வழிகள் காட்டும்: அசெஸ்மென்ட் இயர், வரி வகையான மேஜர் ஹெட், கட்டணத்தின் வகையான மைனர் ஹெட். நாங்கள் முதலாவதை எடுத்தோம். பிறகு சலானைத் தேட, ஆண்டையோ சி.ஐ.என். எண்ணையோ கொடுக்கலாம். இங்கேதான் எங்களுக்கு ஒரு நிமிஷம் தடுமாற்றம். ஆண்டை வைத்துத் தேடுவதானால் சரியான ஆண்டைப் போடக் கூடாது. சலான் இப்போது உட்கார்ந்திருப்பது தப்பான ஆண்டில்தானே, அதைத்தான் போட வேண்டும். அந்தக் குழப்பமே வேண்டாமென்று சி.ஐ.என். எண்ணையே கொடுத்தேன்.

சலான் வந்ததும் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வு செய்து, புதிய ஆண்டாக 2025-26 கொடுத்தோம். அடுத்த திரையில் பழையதையும் புதியதையும் காட்டும். இங்கே நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஒரு சலானுக்கு ஒரு முறைதான் இந்த வழியில் திருத்தம் கேட்க முடியும். அவசரத்தில் இன்னொரு தப்பான ஆண்டைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அதிகாரியிடம்தான் போக வேண்டும். எல்லாம் சரி என்றதும் ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்தோம். அண்ணாச்சியின் ஓ.டி.பி. அவர் மகனின் போனுக்குப் போனது வேறு கதை. கோரிக்கைக்கு ஒரு எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலவரத்தை அதே "Challan Correction" பக்கத்தில் பார்க்கலாம்.

நாங்கள் ரிட்டர்னை உடனே அனுப்பவில்லை. கடைசி நாள் செப்டம்பர் 15 என்று இருந்ததால் அண்ணாச்சி தவித்துத்தான் போனார். திங்கட்கிழமை காலை பார்த்தால் திருத்தம் ஏறியிருந்தது. முன்பு காலியாக இருந்த இடத்தில் 37,830 வந்து நின்றது. அன்றே அனுப்பிவிட்டோம். பணம் கட்டிய தேதி செப்டம்பர் 10 ஆகவே இருந்ததால் கூடுதல் வட்டியும் இல்லை.

வகை தப்பானால்? மைனர் ஹெட் மூன்றைத் தெரிந்தால் போதும். 100 என்பது அட்வான்ஸ் டாக்ஸ், அந்த நிதியாண்டு முடிவதற்குள் கட்டுவது. 300 செல்ஃப் அசெஸ்மென்ட், ஆண்டு முடிந்து ரிட்டர்ன் போடும்போது கட்டுவது. 400 என்பது துறை பாக்கி கேட்டு அறிவிப்பு அனுப்பிய பிறகு கட்டுவது. மேஜர் ஹெட்டில் தனிநபருக்கு 0021, கம்பெனிக்கு 0020. திருத்தும் முறை மேலே சொன்னதேதான், மூன்று வழிகளில் வேறொன்றை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தொகையையோ பான் எண்ணையோ இந்தப் பக்கத்தில் மாற்ற முடியாது. ஏற்கனவே ஒரு ரிட்டர்னில் கணக்கில் எடுத்துக்கொண்ட சலானையும் மாற்ற முடியாது.

கெடு தாண்டிவிட்டால் உங்கள் பகுதிக்குரிய வருமான வரி அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எந்த அதிகாரி என்பது தளத்தில் "My Profile" பகுதியிலேயே இருக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும்: பான், சி.ஐ.என்., தொகை, கட்டிய தேதி, இப்போது இருக்கும் ஆண்டு, மாற்ற வேண்டிய ஆண்டு. கூடவே சலான் நகல். தப்பான ஆண்டின் வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸையும் சேர்த்தால், பணம் அங்கே சும்மா கிடக்கிறது என்று அவருக்கு உடனே தெரியும். கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை வாங்காமல் திரும்ப வராதீர்கள்.

அறிவிப்பே வந்துவிட்டால் பயத்தில் இன்னொரு முறை கட்டிவிடாதீர்கள். "Pending Actions" பகுதியில் "Response to Outstanding Demand" போய், அந்தப் பாக்கியை ஏற்கவில்லை என்று சொல்லி, சலான் விவரத்தைக் கொடுங்கள். அதிகாரி ஆண்டை மாற்றிய பிறகு "Services" மெனுவில் "Rectification" போய், ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கும்படி கேட்கலாம். சலான் மாறுவதற்கு முன்னால் இதைக் கேட்டால் அதே பதில்தான் திரும்பி வரும்.