முதல் நாள் மீற்றிங்கில் 'எல்லாம் தெரியும்' என்று சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலைத்தளங்களுக்குக் கம்பஸ் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும், முதல் நாள் காலை மீற்றிங்கில் ஒரே மாதிரியான அறிமுகத்தைத்தான் கேட்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் சொன்னதும் இதேதான். நேரத்துக்கு வர வேண்டும், போனை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தெரியாமல் போகிற சிலதை மட்டும் எழுதுகிறேன்.

உயர்தரப் பெறுபேறும் மாவட்ட நிலையும்

வேண்டாம். அதைப் பார்த்துத்தான் கம்பஸ் எடுத்தது.

தெரிந்தவற்றைப் பட்டியல் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதற்குத்தான். "ரியாக்ட், நோட், பைத்தன், ஜாவா எல்லாம் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இருப்பார்கள். சொன்னவருக்கு அது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. கேட்கிற ரீம் லீடுக்கோ அது வேலை பிரிக்கிற கணக்கு. காலை மீற்றிங் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டியது. அதற்குள் புதியவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று அவர் மனதில் குறித்துவிடுவார்.

ஒரு தம்பி அப்படித்தான் சொன்னார். மீற்றிங் முடிந்த கையோடு ரீம் லீட் கேட்டார்: "தம்பி, ரியாக்ட் செய்வீங்கள்தானே? இந்தப் பதிவுப் படிவத்தை எடுங்கோ." "ஓம் அண்ணா" என்றார். அவர் ரியாக்ட்டில் செய்திருந்தது வீடியோ பார்த்துச் செய்த ஒரு சின்னப் பட்டியல் மட்டும். படிவத்தில் பிழையான தொலைபேசி இலக்கம் போட்டால் சிவப்பில் காட்ட வேண்டும்; சேர்வருக்கு அனுப்பி, பதில் வராவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் அவர் தொட்டே பார்க்காத இடங்கள்.

தெரியாததில் தப்பில்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கிற அக்காவைக் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் காட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் எல்லோர் முன்னும் தெரியும் என்று சொன்னவருக்குக் கேட்க வாய் வராது. தெரிந்ததாகப் பட்டியல் போடுவதால் வரும் உண்மையான நட்டம் அதுதான். அந்தத் தம்பி ஒவ்வொரு காலையும் "கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்றார். அந்தச் சொல் இரண்டாம் நாளும் மாறாமல் வந்தால் ஆள் எங்கேயோ மாட்டுப்பட்டு நிற்கிறார் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை பார்த்தால் படிவம் திரையில் தெரிந்தது, அனுப்புகிற பொத்தான் வேலை செய்யவில்லை. வேறொருவர் இரவிருந்து முதலில் இருந்து எழுதினார். அந்தத் தம்பிக்குப் பிறகு கன நாள் எழுத்துப்பிழை திருத்துகிற வேலைதான் கிடைத்தது. கெட்டிக்காரப் பிள்ளை, வீணாகப் போனது அவருடைய பயிற்சிக் காலம்.

'தெரியும்' என்ற சொல்லை விட்டுவிட்டு, செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அதில் உங்கள் பங்கு எது, எந்த இடத்தோடு நின்றீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி:

"கணினி விஞ்ஞானம், மூன்றாம் வருசம். குழுவாக ஒரு நூலகப் பதிவுத் தளம் செய்தோம். அதில் புத்தகம் தேடுகிற பக்கத்தை ரியாக்ட்டில் செய்தது நான். சேர்வர் பக்கத்தை நண்பர் செய்தவர், எனக்கு அதில் பழக்கமில்லை. இங்கே அதைப் பழக விருப்பம்."

அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டால் திரைப் பக்க வேலையைத் தனியாகக் கொடுக்கலாம், சேர்வர் வேலைக்கு ஒருவரைப் பக்கத்தில் இருத்த வேண்டும் என்று ரீம் லீடுக்கு உடனே விளங்கும். "பழக்கமில்லை" என்று முதல் நாளே சொன்னதால் மறுநாள் கேட்பதற்கும் கூச்சம் இராது. குழு வேலையை "நாங்கள் செய்தோம்" என்பதோடு நிறுத்தினால், முழுவதும் நீங்கள் செய்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதுவும் அந்தப் பட்டியல் மாதிரித்தான் போய் முடியும்.

"என்ர இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இராது"

கொழும்பில் இருந்து ஆட்கள் இணைந்திருந்தால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வரும். மன்னிப்பிலே தொடங்காமல் விஷயத்தைச் சொல்லுங்கள்.

கம்பஸ் நாட்களை மறைப்பது

பரீட்சை வருகிறது, கிழமையில் ஒரு நாள் விரிவுரை இருக்கிறது என்றால் அன்றைக்கே ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். வேலையைக் கையில் எடுத்த பிறகு சொன்னால் சாட்டு மாதிரித் தெரியும்.

கூப்பிடுகிற பெயரைச் சொல்லாமல் விடுவது

இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே வருகிற சிக்கல். பதிவில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் இருக்கும். முன்னுக்கு இருப்பதுதான் கூப்பிடுகிற பெயர் என்று நினைக்கிறவர்கள் உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துத் திருத்துவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். முதல் வசனத்திலேயே "என்னை இப்படிக் கூப்பிடலாம்" என்று சுருக்கமான பெயரை ஆறுதலாக ஒருமுறை சொல்லுங்கள். வேலைத்தள மின்னஞ்சலில் பெயர் மாறிக் கிடந்தால் அதையும் அன்றைக்கே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.